ஐந்து தீர்ப்புகளிலிருந்து வழக்குப் பட்டியல் போடுவது: 65பி சான்றிதழை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: "சீனியர் ஐந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கொடுத்திருக்கிறார். அன்வர், தொமாசோ புருனோ, சோனு, ஷாஃபி முகமது, அர்ஜுன் பண்டிட்ராவ். எல்லாம் 65பி சான்றிதழ், அதாவது மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கச் சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழ், பற்றியவை. இவற்றில் மேற்கோள் காட்டப்பட்ட வழக்குகளை எல்லாம் எடுத்து, எது எந்தக் கருத்துக்கு ஆதரவு என்று ஒரு டேபிள் போடச் சொல்கிறார். ஹெட்நோட்டைப் பார்த்து எழுதினால் போதுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஹெட்நோட் போதாது. தீர்ப்பின் தலைப்பில் வரும் அந்தச் சுருக்கத்தை எழுதுபவர் சட்ட இதழின் ஆசிரியர், நீதிபதி இல்லை. எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அது உதவும், அவ்வளவுதான். டேபிளில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தீர்ப்பின் பத்தி எண் ஒன்று இருக்க வேண்டும், அந்தப் பத்தியை நீங்களே முழுசாகப் படித்திருக்க வேண்டும்.

ஆரம்பிக்க வேண்டியது கடைசித் தீர்ப்பிலிருந்து. அதாவது அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் எதிர் கைலாஷ் குஷன்ராவ் கோரன்ட்யால், (2020) 7 எஸ்.சி.சி. 1. பலர் பழையதிலிருந்து புதியதுக்குப் படித்துக்கொண்டே வருவார்கள், அப்படிப் படித்தால் இடையில் செத்துப்போன ஒரு கருத்தை உயிரோடு இருப்பதாக நினைத்து மணிக்கணக்கில் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்போம். அர்ஜுனில் மூன்று நீதிபதிகள் முந்தைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கும் எது நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். அதை முதலில் படித்தால் மற்ற நான்கையும் எந்தக் கண்ணோடு படிப்பது என்று தெரிந்துவிடும்.

சுருக்கமாகக் கதை இது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், அதாவது நவ்ஜோத் சந்துவில், (2005) 11 எஸ்.சி.சி. 600, செல்பேசி அழைப்புப் பதிவுகளின் பிரிண்ட்-அவுட்டுக்கு 65பி சான்றிதழ் இல்லாவிட்டாலும் சாட்சியச் சட்டத்தின் 63, 65 பிரிவுகளின் கீழ் இரண்டாம்நிலைச் சாட்சியமாகக் கொடுக்கலாம் என்றது நீதிமன்றம். 2014-ல் அன்வர் எதிர் பஷீர், (2014) 10 எஸ்.சி.சி. 473, மூன்று நீதிபதிகள், அதை ஓவர்ரூல் செய்து சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். 2015 ஜனவரியில் தொமாசோ புருனோ, (2015) 7 எஸ்.சி.சி. 178, அதுவும் மூன்று நீதிபதிகள், அன்வரைக் குறிப்பிடாமலேயே நவ்ஜோத் சந்துவின் பழைய நிலையை எடுத்தாண்டது. 2018-ல் ஷாஃபி முகமது, இரண்டு நீதிபதிகள், கருவி தன் கையில் இல்லாதவர் சான்றிதழ் தர வேண்டியதில்லை, நீதியின் நலன் கருதித் தளர்த்தலாம் என்றார்கள். 2020 ஜூலையில் அர்ஜுன் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. அன்வர் சரி, தொமாசோ புருனோ பர் இன்குரியம், அதாவது பார்த்திருக்க வேண்டிய முன்தீர்ப்பைப் பார்க்காமல் சொன்னது, ஷாஃபி ஓவர்ரூல்.

சரி, இப்போது டேபிளுக்கு வருவோம். நான் ஜூனியர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: ஒரு வழக்குக்கு ஒரு வரி போடாதீர்கள், ஒரு கருத்துக்கு ஒரு வரி போடுங்கள். ஒரே வழக்கு மூன்று கருத்துகளுக்குப் பயன்பட்டிருந்தால் மூன்று வரி. டேபிள் நீளமாகும், ஆகட்டும். ஏனென்றால் "ஓவர்ரூல் ஆனது", "நிற்கிறது" என்பதெல்லாம் வழக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட விஷயம் இல்லை, கருத்தோடு ஒட்டிய விஷயம். நவ்ஜோத் சந்துவையே பாருங்கள். அது பெரிய தீர்ப்பு, சதி, ஒப்புதல் வாக்குமூலம் என்று நிறையப் பேசுகிறது. அன்வர் ஓவர்ரூல் செய்தது மின்னணுப் பதிவின் இரண்டாம்நிலைச் சாட்சியம் பற்றிய கருத்தை மட்டும்தான், அந்த அளவுக்கு மட்டும் என்று அன்வரின் 22-வது பத்தியிலேயே இருக்கிறது. "நவ்ஜோத் சந்து: ஓவர்ரூல்" என்று ஒரே வரியில் எழுதிவைத்தால், நாளைக்கு வேறொரு வழக்கில் ஒப்புதல் வாக்குமூலத்துக்காக அதைத் தேடும்போது உங்கள் டேபிளே உங்களைத் தவறான பக்கம் அனுப்பும்.

வழக்குப் பெயர்களைத் திரட்டுவது எளிய வேலை, ஆனால் பொறுமை வேண்டும். பி.டி.எஃப்.-இல் `SCC`, `AIR`, `SCR` என்று தேடினால் பெரும்பாலானவை வந்துவிடும். பழைய ஆங்கிலேய வழக்குகளுக்கு `Ch D`, `QB`, `AC`, `All ER`. அப்புறம் கட்டாயம் `supra` என்று தேடுங்கள். ஒரு வழக்கை முதல்முறை முழுப் பெயரோடு சொல்லிவிட்டு, பிறகு சுருக்கப் பெயரும் `supra`-வும்தான் வரும், உண்மையில் அந்த வழக்கை வைத்து நீதிமன்றம் ஏதாவது முடிவு செய்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது, மூன்றாவது இடத்தில்தான். முதல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் வக்கீல் வாதத்தில் வந்த பெயரை நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

பெயர்கள் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அன்வர் பி.வி., பி.வி. அன்வர் இரண்டும் ஒன்றே. (2014) 10 எஸ்.சி.சி. 473-ம் ஏ.ஐ.ஆர். 2015 எஸ்.சி. 180-ம் ஒரே தீர்ப்பு. இதை இரண்டு வழக்காக எழுதக்கூடாது. மறுபக்கம், ஷாஃபி முகமது என்ற ஒரே பெயரில் இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன: 2018 ஜனவரி உத்தரவு (2018) 2 எஸ்.சி.சி. 801, ஏப்ரல் உத்தரவு (2018) 5 எஸ்.சி.சி. 311. அர்ஜுன் இரண்டையும் பெயர் சொல்லி ஓவர்ரூல் செய்திருக்கிறது, ஆகவே டேபிளில் இரண்டும் தனித்தனியாக வர வேண்டும்.

பத்தி எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அர்ஜுனில் கேள்விக்கான இறுதிப் பதில் நீதிமன்றம் வெளியிட்ட பிரதியில் 72-வது பத்தி, எஸ்.சி.சி.-யில் 73. நீங்கள் ஒன்றைப் பார்த்து எழுதி, சீனியர் கையில் மற்றது இருந்தால், கோர்ட்டில் எழுந்து நின்று பக்கம் புரட்டும் நிலைமை அவருக்கு. எந்தப் பிரதியின் எண் என்பதை டேபிளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், ஒரே டேபிளில் கலக்காதீர்கள்.

இனி வேலையின் கடினமான பகுதி, கருத்தை எழுதுவது. "65பி சான்றிதழ் பற்றி" என்பது கருத்து இல்லை, அது தலைப்பு. கருத்து என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "இல்லை, அப்படி இல்லை" என்று மறுக்கக்கூடிய ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். "மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய 65பி(4) சான்றிதழ் முன்நிபந்தனை, வாய்மொழிச் சாட்சியம் அதற்கு ஈடாகாது" என்பது கருத்து. இதை யாரும் மறுத்து வாதாட முடியும். தலைப்பை யார் மறுப்பார்கள்?

அந்த வாக்கியத்தில் நிபந்தனைகளையும் விடாமல் எழுத வேண்டும். இங்கேதான் நல்ல டேபிளும் ஆபத்தான டேபிளும் பிரிகின்றன. அர்ஜுன் வழக்கின் சங்கதி என்ன? 2014 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல், ஜால்னா தொகுதி. வேட்புமனு பிற்பகல் மூன்று மணிக்கெடுவுக்குப் பிறகு தரப்பட்டதா என்பது கேள்வி. தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் எடுத்த வீடியோ பதிவுகள் இருக்கின்றன, ஆனால் சான்றிதழ் தர வேண்டிய அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டும் தரவில்லை. இந்த நிலையில் நீதிமன்றம், முடியாததைச் செய்யும்படி சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்ற கோட்பாட்டை எடுத்தது, அதற்கு ராஜ்குமார் தே எதிர் தாராபத தே, (1987) 4 எஸ்.சி.சி. 398, உள்ளிட்ட வழக்குகளைக் காட்டியது. இதை "சான்றிதழ் பெற முடியாவிட்டால் தேவையில்லை" என்று எழுதினால் அது பொய். கருத்து இதுதான்: கேட்க வேண்டியவரிடம் கேட்டு, கிடைக்காதபோது நீதிமன்றத்திடமும் மனு செய்து, தன்னால் முடிந்ததை எல்லாம் செய்த பிறகும் மூன்றாம் நபரின் மறுப்பால் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால், அந்தத் தரப்பை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கலாம். நீளமான வாக்கியம்தான். ஆனால் அதில் ஒரு துண்டைக் குறைத்தாலும் எதிர்த்தரப்பு அந்த இடத்திலேயே கை வைக்கும்: "இவர் மனுவே போடவில்லையே" என்பார்கள்.

அடுத்து, மேற்கோள் காட்டப்பட்ட வழக்கு தானாக என்ன சொன்னது, மேற்கோள் காட்டிய தீர்ப்பு அதை எதற்குப் பயன்படுத்தியது, இவை இரண்டும் வேறு. இரண்டுக்கும் தனி நெடுவரிசை வையுங்கள் டேபிளில். ஷாஃபி முகமதுவில் ராம் சிங் எதிர் கர்னல் ராம் சிங், 1985 துணைத் தொகுதி எஸ்.சி.சி. 611, எடுத்தாளப்படுகிறது. ராம் சிங் டேப் ரெக்கார்டர் காலத்து வழக்கு. குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், பதிவின் துல்லியத்தை நிரூபிக்க வேண்டும், வெட்டி ஒட்டியதற்கு வாய்ப்பில்லை என்று காட்ட வேண்டும், இப்படிப் பதிவை ஏற்பதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. 65பி என்ற பிரிவே 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது. ஆகவே 1985-ல் வந்த ராம் சிங், சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கவே முடியாது. ஷாஃபி விழுந்ததால் ராம் சிங் விழவில்லை. விழுந்தது, ராம் சிங்கை வைத்து ஷாஃபி போய்ச் சேர்ந்த முடிவு. இதை ஒரே வரியில் அடக்கினால் இரண்டில் ஒன்று தவறாகத்தான் போகும்.

தொமாசோ புருனோவையும் அப்படியே பிரித்துப் பாருங்கள். வாரணாசி ஓட்டலில் தங்கிய இத்தாலியப் பயணி ஒருவரின் மரணம், உடன் தங்கியவர்கள்மீது கொலைக் குற்றச்சாட்டு, ஓட்டலின் சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு தாக்கல் செய்யவில்லை. கையில் இருந்த சிறந்த சாட்சியத்தைக் கொண்டுவராததற்கு 114-வது பிரிவின் (ஜி) எடுத்துக்காட்டின்படி எதிரான ஊகம் கொள்ளலாம் என்பது அதில் ஒரு கருத்து. மின்னணுப் பதிவை 65-வது பிரிவின் கீழ் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. அர்ஜுன் பர் இன்குரியம் என்று சொன்னது 65பி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், இரண்டாவது கருத்தைப் பற்றித்தான். ஆனால் அந்த வரி பொதுவாகப் படிக்கும்படி இருப்பதால் எதிர்த்தரப்பு அதை முதல் கருத்துக்கு எதிராகவும் வீசும். அதனால் முதல் கருத்துக்கு இந்த வழக்கை மட்டும் நம்பாமல், சட்டப் பிரிவையும் சேர்த்து எழுதுவது பாதுகாப்பு.

நான் போட்டால் சில வரிகள் இப்படி இருக்கும்:

| மேற்கோள் வழக்கு | எடுத்தாண்ட தீர்ப்பு | வழக்கு சொன்ன கருத்து | எதற்காக எடுத்தாளப்பட்டது | நிலை |
|---|---|---|---|---|
| நவ்ஜோத் சந்து, பத்தி 150 | அன்வர், பத்தி 22 | 65பி சான்றிதழ் இல்லாவிட்டாலும் 63, 65 பிரிவுகளின் கீழ் நகலைக் கொடுக்கலாம் | மறுப்பதற்காக | இந்தக் கருத்தில் மட்டும் ஓவர்ரூல் |
| நவ்ஜோத் சந்து, பத்தி 150 | தொமாசோ புருனோ | மேலே உள்ளதே | ஆதரவாக | ஏற்கெனவே ஓவர்ரூல் ஆனதைப் பின்பற்றியது. அர்ஜுன்படி பர் இன்குரியம் |
| ராம் சிங் | ஷாஃபி முகமது | ஒலிப்பதிவை ஏற்பதற்கான நிபந்தனைகள் | சான்றிதழைத் தளர்த்த ஆதரவாக | சொந்தக் கருத்து தொடப்படவில்லை. ஷாஃபியின் முடிவு ஓவர்ரூல் |
| கே. ராமஜெயம் (சென்னை உயர் நீதிமன்றம், 2016) | அர்ஜுன் | சான்றிதழுக்குப் பதில் கணினிப் பொறுப்பாளரின் வாய்மொழிச் சாட்சியம் போதும் | மறுப்பதற்காக | இந்தக் கருத்தில் ஓவர்ரூல் |
| டெய்லர் எதிர் டெய்லர் (1876) 1 சிஎச்.டி. 426 | அர்ஜுன் | ஒரு செயலை இன்ன முறையில் செய் என்று சட்டம் சொன்னால் அந்த முறையில்தான் செய்ய வேண்டும் | ஆதரவாக | நிற்கிறது |

நான்காவது வரி நம் ஊர் வக்கீல்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ராமஜெயம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் இங்கே விசாரணை நீதிமன்றங்களில் பழக்கமான பெயர், பழைய வாதக் குறிப்புகளில் இன்னும் இருக்கும், அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அர்ஜுன் அதைப் பெயர் குறிப்பிட்டே ஓவர்ரூல் செய்திருக்கிறது. எதிர்த்தரப்பு ஒரு வரி படித்துக் காட்டினால் முடிந்தது.

"எதற்காக எடுத்தாளப்பட்டது" என்ற நெடுவரிசையில் நான்கு சொல்தான் வைத்திருப்பேன்: ஆதரவாக, மறுப்பதற்காக, வேறுபடுத்த, வெறும் குறிப்பு. இதற்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. இதை நிரப்பும்போது ஒவ்வொரு மேற்கோளுக்கும் முதலில் பேசுவது யார் என்று கேளுங்கள். வக்கீலின் வாதமா, கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் பகுதியா, நீதிமன்றத்தின் சொந்தக் கருத்தா? தீர்ப்பின் முன்பகுதியில் இரு தரப்பு வாதங்களும் வழக்குப் பெயர்களோடு வரும். "என்று வாதிட்டார்", "என்று சுட்டிக்காட்டினார்" என்ற பொருளில் முடியும் வாக்கியத்தில் இருக்கும் வழக்கு டேபிளுக்குள் வரவே கூடாது, பின்னால் நீதிமன்றம் அதைக் கையில் எடுத்திருந்தால் ஒழிய. அர்ஜுனில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தனியாக ஒரு ஒத்த தீர்ப்பும் எழுதியிருக்கிறார், வெளிநாட்டுச் சட்டங்களின் வரலாறு அதில் விரிவாக வருகிறது. அங்கே வரும் மேற்கோள்களைப் பிரதான தீர்ப்பின் கணக்கில் எழுதாமல் "தனித் தீர்ப்பு" என்று குறியுங்கள்.

"நிலை" நெடுவரிசையில் அமர்வின் அளவையும், அதாவது எத்தனை நீதிபதிகள் என்பதையும், ஒரு எண்ணாகப் போட்டுவிடுங்கள். ஷாஃபியில் 2, அன்வரில் 3, தொமாசோ புருனோவில் 3, சோனுவில் 2, அர்ஜுனில் 3. இந்த எண்ணைப் பார்த்தாலே ஷாஃபி ஏன் அன்வரைத் தாண்ட முடியாது என்று புரியும். தொமாசோ புருனோவில்தான் எண் மட்டும் உதவாது, இரண்டுமே மூன்று, பின்னது தொமாசோ புருனோ. அங்கே கேட்க வேண்டியது, பின்னது முன்னதைப் பார்த்ததா என்பது.

சோனுவை, (2017) 8 எஸ்.சி.சி. 570, கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் கருத்து, சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபணை நிரூபிக்கும் முறை பற்றியது, ஆவணத்தைக் குறியீடு செய்யும் நேரத்தில் விசாரணை நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், மேல்முறையீட்டில் முதல்முறையாகச் சொல்ல முடியாது என்பது. அர்ஜுனோ சான்றிதழை ஏற்புக்கே முன்நிபந்தனை என்கிறது. முன்நிபந்தனை என்றால் எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று ஒருவர் வாதிடுவார், முறை பற்றியது என்றால் நேரத்தில் சொல்லாதவர் விட்டுக்கொடுத்தவர் என்று இன்னொருவர் வாதிடுவார். அர்ஜுனின் ஓவர்ரூல் பட்டியலில் சோனு இல்லை. இப்படி ஒன்றோடொன்று உரசும் இரண்டு கருத்துகள் இருந்தால் டேபிளில் பக்கத்துப் பக்கத்து வரியில் வைத்து, உரசல் இருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் கட்சிக்காரருக்குச் சாதகமானதை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள். டேபிள் சீனியருக்கு, அவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்வரில் இன்னொரு நுணுக்கம். 24-வது பத்தியின் கடைசியில், மின்னணுப் பதிவையே 62-வது பிரிவின் கீழ் முதன்மைச் சாட்சியமாகக் கொடுத்தால் 65பி நிபந்தனைகள் வேண்டாம் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அர்ஜுன் அன்வரை ஏற்றுக்கொண்டாலும், அந்த வாக்கியத்தை "62-வது பிரிவின் கீழ்" என்ற சொற்கள் இல்லாமல் படிக்க வேண்டும் என்று திருத்தியது. மூலக் கருவியே, உதாரணமாக ஒருவரின் லேப்டாப்போ செல்பேசியோ, அதன் சொந்தக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி அது தன்னுடையது, தான் இயக்கியது என்று நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை. ஆகவே அன்வரின் நிலை "நிற்கிறது" என்று மட்டும் எழுதினால் அரைகுறை. "அர்ஜுன் தெளிவுபடுத்தியபடி நிற்கிறது" என்று எழுதி, எந்தச் சொற்கள் போயின என்றும் குறியுங்கள்.

டேபிள் முடிந்ததும் வரிசையை மாற்றுங்கள். வேலை செய்யும்போது தீர்ப்பு வாரியாக இருந்தது, கொடுக்கும்போது கருத்து வாரியாக: சான்றிதழ் கட்டாயமா, மூலக் கருவி, சான்றிதழ் கிடைக்காத நிலை, ஆட்சேபணை எப்போது. ஒவ்வொன்றின் கீழும் நிற்கும் வழக்குகள் முதலில், விழுந்தவை பின்னால். விழுந்தவற்றை நீக்கிவிடாதீர்கள், எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போது பதில் சொல்ல அவை வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, 65பி-யின் இடத்தில் இப்போது 63-வது பிரிவு. அதன் சான்றிதழுக்கு அட்டவணையில் படிவமே இருக்கிறது, இரண்டு பகுதி, ஒன்று தாக்கல் செய்யும் தரப்பு தருவது, மற்றது நிபுணர் தருவது, ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கு என்றால் பழைய சட்டம்தான், அதை 170-வது பிரிவு காப்பாற்றுகிறது. ஆகவே உங்கள் வழக்கு எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று சீனியரிடம் கேட்டு, புதிய சட்டம் என்றால் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே 63-வது பிரிவின் எந்த உட்பிரிவு அதற்கு இணை என்று எழுதுங்கள். டெய்லர், ராஜ்குமார் தே போன்றவை பொதுக் கோட்பாடுகள், அவற்றுக்கு இது வேண்டாம். சான்றிதழை யார் கையெழுத்திட வேண்டும் என்பது பற்றிய வரிகளுக்குத்தான் அவசியம். ஏனென்றால் பழைய பிரிவில் ஒரு பொறுப்பாளரின் கையெழுத்து போதும், புதியதில் நிபுணரும் வேண்டும்.